நல்லகாமன் கூடாரமும் நாலு எண்களும்

கூடாரத்தைப் பற்றிய தாளில் மொத்தம் நாலு வரிகள்தான் இருந்தன. நாலில் மூன்று பொய். தட்டச்சு செய்தவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் நல்லகாமன் அண்ணன் தார்ப்பாய்க் கடை வைத்திருந்தார். லாரிகளுக்குக் கித்தான் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பது தொழில். தைப்பது அவர் மனைவி முத்துத்தாய் அக்கா. வெட்டுவதும் பேசுவதும் அண்ணன். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் அங்கே போய்த் தார்ப்பாய்களின் மேல் லாரி முதலாளிகளின் பெயரையும் வண்டி எண்ணையும் பெயிண்டில் எழுதுவேன். எழுதத் தெரிந்த ஒருவன் கையில் கிடைத்தால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவது எங்கள் ஊர் வழக்கம். அப்படித்தான் அந்தத் தாள் என்னிடம் வந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் லாரிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு மாறிவிட்டார்கள். கடையில் ஈ ஓட்டக்கூட ஈ வரவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த பேயாண்டி, முத்துத்தாய் அக்காவின் தம்பி, இதைக் கேள்விப்பட்டு அன்போடு ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்: மச்சான் கடையை மூடிவிட்டு மில்லுக்கு வந்துவிடலாம், வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிற வேலை, உட்காருவதற்கு நாற்காலி உண்டு.

அந்த நாற்காலிதான் அண்ணனைக் கொன்றது.

"கல்யாணத்தன்னைக்கு என் வேட்டி நுனியப் பிடிச்சுக்கிட்டு மிட்டாய் கேட்டு அழுத பய, தம்பி. அவன் எனக்கு நாக்காலி போடுறானாம்."

"நாற்காலி நல்ல நாற்காலியாக இருக்கலாமே அண்ணே" என்றேன்.

"கையி இல்லாத நாக்காலியாம். விசாரிச்சுட்டேன்."

இந்த நிலையில்தான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. உடற்பயிற்சி இயக்குநர் ஸ்யாமளா என்று கையெழுத்து. இருபத்து நாலு மாணவிகளைச் சிறுமலைக்கு முகாம் கூட்டிப்போகிறார்களாம். சிறிய கூடாரங்கள் வேண்டும். கீழ்க்கண்ட நாலு விவரங்களைத் தெரிவிக்கவும்: எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை மில்லிமீட்டர் நீரைத் தாங்கும், கட்டி வைத்த எடை எவ்வளவு, நிறுத்த எத்தனை நிமிஷம் ஆகும்.

அண்ணன் ஒரே வாரத்தில் கூடாரத்தை வரைந்து வெட்ட, அக்கா தைத்து முடித்தார். குறை சொல்ல முடியாத கூடாரம். ஏழடி நீளம், ஆறடி அகலம், நடுவில் நாலரை அடி உயரம். மெழுகு ஏற்றிய கித்தான், தரைக்கு ரப்பர் பூசிய விரிப்பு, முன்னும் பின்னும் இரண்டிரண்டு துண்டாகச் செருகுகிற மூங்கில் கால், பதினாலு இரும்பு முளை, கயிறு, எல்லாவற்றையும் போட ஒரு பை. தைத்து முடித்ததும் அக்கா அதை நனைத்துக் காயப்போட்டார். மறுநாளும் நனைத்துக் காயப்போட்டார். புதுக் கித்தானில் தையல் துளை வழியே தண்ணீர் இறங்குமாம். நனைந்தால் நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளுமாம். பௌதிகப் புத்தகத்தில் இல்லாத பௌதிகம்.

பிறகு இரவல் வாங்கிய டைப்ரைட்டரின் முன்னால் விவரத் தாள் எழுத உட்கார்ந்தோம்.

"எத்தன பேருன்னு போடலாம்?" என்றார் அண்ணன்.

"ஆறடி அகலம். ஆளுக்கு ரெண்டடி. மூணு பேர்."

"மூணா? என்ன தம்பி, அழகர் ஆத்துல எறங்குறப்ப எங்க வண்டியில எத்தன பேரு படுத்து வாரோம்? ஒருக்களிச்சுப் படுத்தா ஆளுக்கு ஓரடி போதும். ஆறுன்னு போடு."

"திரும்பிப் படுக்கணும்னா?"

"எல்லாரும் சேந்து திரும்பணும்."

ஆறு என்று தட்டினேன்.

நீர் தாங்கும் எண் மட்டும் உண்மை, ஏனென்றால் அதை அளந்தது நான். மில்லிமீட்டர் என்றால் மழையளவு என்று அண்ணன் நினைத்தார். அதில்லை, துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசிய ஆரம்பிக்கும் என்பதுதான் கணக்கு என்று விளக்கி, கடையிலேயே ஒரு சோதனை செய்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் பெரிய புனல், அதன் மூக்கில் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய். புனலின் வாய்வரை தண்ணீர் நிரப்பி, அதன்மேல் கித்தானைப் போர்த்தி, சைக்கிள் டியூப் வளையத்தை மாட்டிக் கம்பியால் இறுக்கினேன். குழாயை மெல்ல மெல்ல உயர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால் தண்ணீர் கித்தானை அடியிலிருந்து முட்டும். மூன்று இடத்தில் கசிந்தால்தான் கணக்கு; மேல்புறம் மூன்றாவது இடத்தில் சொட்டு எட்டிப் பார்த்தபோது, துணியிலிருந்து குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அதாவது நானூற்றிருபது மில்லிமீட்டர்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன், தன் சொந்தப் பிள்ளை தேர்வில் வாங்கிய மார்க்கைப் பார்ப்பது போல.

"மழைக்கு இது போதும்ணே."

எடைக்கு வந்தோம். தொங்கு தராசில் மாட்டினால் ஒன்பது கிலோ நானூறு. அண்ணன் பையை நீக்கச் சொன்னார். பிறகு முளைகளை. பிறகு மூங்கிலை. பிறகு கயிற்றை.

"கட்டி வைத்த எடை என்றால் எல்லாம் சேர்த்துத்தானே அண்ணே?"

"நெல்லு நிறுக்கையில சாக்கையும் சேத்தா நிறுப்பாக? சாக்குக் கழிவு உண்டுல்ல? பையி சாக்கு. முளை, மூங்கி, கயிறு எல்லாம் சாக்குக்குச் சொந்தக்காரங்க. கழிச்சிரு."

தலைமுறை தலைமுறையாக நெல் மார்க்கெட் கமிட்டியில் நெல் நிறுத்த குடும்பம். எதிர்த்துப் பேச நான் யார்? ஐந்து கிலோ அறுநூறு.

நேரம் ஆறு நிமிஷம். அண்ணனும் கடையில் வெட்ட உதவும் காளை என்பவனும் சேர்ந்து நிறுத்தினார்கள். முளைகளை அடித்து, மூங்கிலைச் செருகி, கித்தானை விரித்து முடித்த பிறகு, முதல் கயிற்றை இழுக்கும்போது அண்ணன் "ம், இப்பப் பாரு" என்றார். லாரியில் தார்ப்பாய் கட்டுவதற்கு அப்படித்தான் நேரம் பார்ப்பார்களாம். கயிறு விழுந்தால்தான் வேலை ஆரம்பம், அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் யோசனை.

தாளைத் தபாலில் போட்டேன். ஐந்தாம் நாள் பதில் அஞ்சலட்டை வந்தது. "வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து நாலு விவரங்களையும் சோதித்துப் பார்ப்பேன். எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போனால் இங்கேயே வாங்குகிறோம். இல்லாவிட்டால் மெட்ராஸில் வாங்கிக்கொள்வோம்."

"அண்ணே, திருத்தி இன்னொரு தாள் அனுப்பிருவோம்" என்றேன்.

"எழுதிக் குடுத்தாச்சே தம்பி. எழுதுனத மாத்துனா நம்மள என்னன்னு நெனப்பாக?" அண்ணன் கூடாரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தாளு தப்பில்ல. கூடாரந்தான் தப்பு. கூடாரத்த மாத்திருவோம்."

முத்துத்தாய் அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "செருப்பு பத்தலைன்னு கால வெட்டுற ஆளக் கட்டிக்கிட்டு நான் என்ன பாடு படுறேன் பாருங்க தம்பி" என்றார். அப்புறம், "மொதக் கூடாரத்துல கை வச்சீகன்னா கத்திரி என் கையில இருக்கும். வேணும்னா புதுசா ஒண்ணு வெட்டிக்கங்க" என்று சொல்லி அதை மடித்துப் பரணில் போட்டுவிட்டார்.

அண்ணன் புதிதாக ஒன்று வெட்டினார்.

முதலில் எடை. கித்தானுக்குப் பதிலாக மெல்லிய காடாத்துணி. எடை பாதியாய்க் குறைந்தது. புனலில் போட்டால் பதினெட்டு சென்டிமீட்டரிலேயே மூன்று சொட்டும் வந்துவிட்டது. சரி, மெழுகு ஏற்று. ஏற்றினார்கள். இருபத்தைந்து. இன்னும் ஏற்று. நாற்பதைத் தொட்டபோது துணி விறைத்து அப்பளம் மாதிரி நின்றது, எடையும் ஏறிவிட்டது. எடையைக் குறைக்க மூங்கிலை ஒல்லியாக்கினார். முளைகளைப் பதினாலிலிருந்து ஆறாக்கினார். முளை குறைந்ததால் நிறுத்தும் நேரமும் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் கயிற்றையும் குறைத்தார். இப்போது கூடாரம் நின்றது. ஆனால் பக்கத்தில் யாராவது இருமினால் யோசித்தது.

"அண்ணே, ஒரு எண்ணைத் தொட்டா இன்னொரு எண்ணு நகருது" என்றேன்.

"நகரட்டும். சனிக்கெழம பத்து மணிக்கு எல்லாம் ஒரு எடத்துல நின்னாப் போதும்."

வெள்ளி மாலை நிறுத்துப் பார்த்தால் ஐந்து கிலோ எழுநூறு. நூறு கிராம் அதிகம். அண்ணன் கத்திரியை எடுத்துப் பையின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார். அதன்பிறகு அது பை இல்லை, வளையல். ஆனால் எடை சரியாக இருந்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே பேயாண்டி வந்து இறங்கினார். மச்சானை மில்லுக்கு அழைத்துப்போக வந்திருந்தார். நல்ல ஆகிருதி, புல்லட் அவருக்குக் கீழே சைக்கிள் மாதிரி தெரிந்தது.

"மச்சான், பொட்டி படுக்கையெல்லாம் கட்டியாச்சா?"

"மாப்ள, இன்னைக்கு ஒரு மேடம் வாராக. அவுக போனதும் பேசுவோம்."

"எந்த மேடம் வந்து என்ன மச்சான் ஆகப் போகுது? நாக்காலியெல்லாம் வாங்கியாச்சு."

பத்து மணிக்கு ஸ்யாமளா மேடம் இரண்டு மாணவிகளோடு ஜீப்பில் வந்தார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், தோள்பையில் சொந்தத் தராசு. கடைக்குப் பின்னால் காலி மனை. அங்கேதான் சோதனை.

எடை. தராசு ஐந்து கிலோ அறுநூறு காட்டியது. அண்ணன் முகம் விளக்கு வைத்தது போலானது. மேடம் பையைக் கையில் எடுத்து அதன் வழியே அண்ணனைப் பார்த்தார். அந்தப் பக்கம் அண்ணன் முகம் தெரிந்தது.

"அடி எங்கே?"

"காத்தோட்டத்துக்கு மேடம்."

மேடம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்தது நேரம். அண்ணனும் காளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"நீங்க எதுக்கு?" என்றார் மேடம். "சிறுமலைக்கு நீங்களா வரப்போறீங்க? விஜயம், ஒச்சாயி, நீங்க ரெண்டு பேரும் கட்டுங்க."

மேடம் விசில் ஊதினார். பையைக் கையில் எடுத்த நொடியே ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது. அண்ணன் பதறி, "மேடம், கயிறு விழல, இன்னும் கயிறு விழல" என்று கூடவே ஓடினார். கூடாரத்தையே பார்த்திராத இரண்டு பெண்கள், ஆறே முளை, இருந்தாலும் பன்னிரண்டு நிமிஷம் ஆனது.

"ஆறுன்னு எழுதியிருக்கீங்க."

"பழகுனா ஆறுதான் மேடம்."

"மலையில மழை வர்றப்ப பழகிக்கிட்டா இருப்பாங்க? சரி, ஆறு பேர் படுத்துக் காட்டுங்க."

அண்ணன் இதற்காக எதிர்க்கடை லோடு மேன்களில் ஒல்லியான இருவரைப் பார்த்து ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அண்ணன், காளை, லோடு மேன் இரண்டு பேர், நான்: ஐந்து. ஆறாவது ஆளாக வருவதாகச் சொன்ன தபால்காரர் வரவில்லை. அண்ணன் கண்கள் மனையைச் சுற்றி வந்து பேயாண்டியின் மேல் நின்றன.

"மாப்ள, கொஞ்சம் வந்து படு."

"நானா? மச்சான், நான் வெள்ளச் சட்ட போட்டிருக்கேன்."

"ஒரு நிமிசம் மாப்ள. வார்த்த குடுத்துட்டேன்."

பேயாண்டி குனிந்து நுழைந்தார். ஒருக்களித்துப் படுத்திருந்த நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஆளாக ஆனோம். என் மூக்கு காளையின் பிடரியில். வெளியே மேடம், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவது கேட்டது. "ஆறு. சரி, ஐந்து நிமிஷம் அப்படியே இருங்க."

மெழுகு வெயிலில் இளகி வாடை அடித்தது. மூன்றாவது நிமிஷம் பேயாண்டி முனகினார்.

"மச்சான், கை மரத்துப் போச்சு. திரும்பிக்கிறேன்."

"மாப்ள, தனியாத் திரும்பாத! எல்லாரும் சேந்துதான்…"

பேயாண்டி தனியாகத் திரும்பினார். ஒல்லி மூங்கிலில் அவருடைய முதுகு பட்டது. மூங்கில் சத்தம் போடாமல் விலகியது. பக்கத்தில் நிற்கிற ஆனைமலையிலிருந்து ஒரு காற்று வந்து மீதி வேலையைச் செய்தது. ஆறு முளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொள்ள, கூடாரம் எங்கள் ஆறு பேர் மேலும் போர்வையாக விழுந்தது. மெழுகு ஒட்டிக்கொண்டது.

"மச்சான், எங்க வாசலு?"

"என் மூஞ்சி மேல இருக்க உன் கைய எடு மாப்ள, சொல்றேன்."

"இதுக்கு மில்லுல வந்து நாக்காலியில உக்காந்திருக்கலாம்ல?"

"கையில்லாத நாக்காலி!"

"கை வச்சே வாங்கித் தாரேன் மச்சான், மொதல்ல என்னய வெளிய எடுங்க!"

வெளியே விஜயமும் ஒச்சாயியும் சிரிப்பது கேட்டது. நாங்கள் வெளியே வந்தபோது மேடம் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். பேயாண்டியின் சட்டை மெழுகில் மஞ்சளாகியிருந்தது. அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த காடாத்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேடிக்கையாக இல்லை.

"இப்படி எழுதிக் கொடுத்தவங்ககிட்ட நான் வாங்குறதில்ல" என்றார் மேடம்.

"சொன்னது அவரு. எழுதுனது இந்தத் தம்பி." முத்துத்தாய் அக்கா தோளில் முதல் கூடாரத்தைச் சுமந்துகொண்டு மனைக்குள் வந்தார். "தச்சது நானு. எங்கிட்ட வாங்குங்க டீச்சர்."

தோளிலிருந்து இறக்கி மேடத்தின் முன்னால் வைத்தார். "மூணு பேரு படுக்கலாம். நாலாவது ஆளு படுத்தா சண்ட வரும். எல்லாஞ் சேத்து ஒம்பது கிலோ நானூறு, பைக்கு அடி உண்டு. மூணு புள்ளைகளும் பிரிச்சுத் தூக்குனா ஆளுக்கு மூணு கிலோவும் கொஞ்சமும். புதுசாக் கட்டுறவுக ரெண்டு பேருக்கு இருவத்தஞ்சு நிமிசம் ஆகும். தண்ணிக் கணக்கு மட்டும் தம்பி சரியாத்தான் எழுதுச்சு, நானூத்தி இருவது. அளந்து பாருங்க. ஒண்ணு கொறஞ்சாலும் நானே மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்துத் தாரேன்."

மேடம் மடித்த தாளை மறுபடி பிரித்தார். பிறகு டிரைவரைப் பார்த்து இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

தராசு ஒன்பது கிலோ நானூறு காட்டியது. பெண்கள் மறுபடி கட்டினார்கள். தரை காய்ந்து இறுகியிருந்தது. கொட்டாப்புளியால் பதினாலு முளையையும் சாய்த்து அடித்தார்கள். இருபத்திரண்டு நிமிஷம். மேடம் கயிற்றை இழுத்துப் பார்த்தார். வீணை நரம்பு மாதிரி நின்றது. ஆனைமலைக் காற்று இந்த முறையும் வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நான் புனலையும் குழாயையும் கொண்டுவந்து, மிச்சக் கித்தான் துண்டில் அவர் கண் முன்னாலேயே அளந்தேன். மூன்றாவது சொட்டு நாற்பத்திரண்டில். அதோடு திருப்தியில்லாமல் அவர் கூரைமேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, விஜயத்தை உள்ளே அனுப்பினார்.

"ஒழுகுதா?"

"இல்ல மேடம்."

"உள்ளேருந்து கூரைய மட்டும் தொட்டுராத தாயி" என்று அக்கா குரல் கொடுத்தார். "நனஞ்ச கித்தானத் தொட்டா, தொட்ட எடத்துல இருந்து கசியும்."

"தொட்டுட்டேங்க்கா" என்றது உள்ளேயிருந்து குரல். "இங்க மட்டும் கசியுது."

மேடம் முதல் முறையாகச் சிரித்தார். "இதையும் தாள்ல எழுதணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எழுதினேன். இரண்டாவது தாளில் ஐந்து வரிகள். ஐந்தும் உண்மை. வாழ்க்கையில் நான் தட்டச்சு செய்ததிலேயே வசீகரம் குறைந்த தாள் அதுதான்.

அதன்பிறகு மேடம் மனக்கணக்குப் போட்டார். "இருபத்து நாலு பேர். ஆறு பேருக்கு ஒண்ணுன்னா நாலு போதும்னு வந்தேன். மூணு பேருக்கு ஒண்ணுன்னா எட்டு வேணும். முகாமுக்கு இருபது நாள்தான் இருக்கு. இது ஒண்ணு போக இன்னும் ஏழு. முடியுமா?"

அண்ணன் வாயைத் திறந்தார். வழக்கம்போலப் பத்து நாள் என்று சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"பதினெட்டு நாளு ஆகும்" என்றார் அக்கா.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "பதினெட்டு நாளு ஆகும் மேடம்" என்று தானும் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் நிஜ எண் அது.

ஜீப் கிளம்பிப் போனதும் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு கித்தான் சுருளைத் தரையில் உருட்டி விரித்தார். சாக்கட்டியை எடுத்து அளக்க ஆரம்பித்தார். ஏழடிக்குத் துணி நேராக நிற்கவில்லை; ஓரம் சுருண்டது.

பேயாண்டி சட்டையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். "அக்கா, மச்சான் அப்ப மில்லுக்கு எப்ப வாராரு? கை வச்ச நாக்காலி…"

"அந்த முனையப் பிடிடா" என்றார் அக்கா.

"அக்கா, எனக்கு அலங்காநல்லூர்ல வேல கெடக்கு."

"தொங்க விடாத. இழுத்துப் பிடி."

பேயாண்டி குனிந்து முனையை இழுத்துப் பிடித்தார். நல்லகாமன் அண்ணன் எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு, மாப்ளயின் பிடியில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.